சிங்கப்பூர் சேமிப்போடு ஊர் திரும்பினால்: சுங்கை ஆயர் தாவாரில் கைகொடுக்கும் தொழில் எது?

சபாக் பெர்ணம் மாவட்டத்தின் சுங்கை ஆயர் தாவார் சிறிய ஊர். கடைவீதியைத் தாண்டினால் செம்பனை, தென்னை, வாய்க்கால், மீண்டும் செம்பனை. இங்கிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும், அதைத் தாண்டி சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போவது புதிய செய்தியல்ல. பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து அவர்களில் சிலர் திரும்பி வருகிறார்கள். அப்பா அம்மாவுக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வயது, அல்லது முதுகு இனி இரவு வேலை தாங்காது என்று ஆளுக்கொரு காரணம் இருக்கும். கையில் அறுபதாயிரம், எழுபதாயிரம் ரிங்கிட். பெரிய தொகையும் இல்லை, சின்னத் தொகையும் இல்லை. தவறான இடத்தில் போட்டால் ஒரே ஆண்டில் காணாமல் போகிற தொகை.

திரும்பியவரிடம் ஊரில் எல்லாரும் சொல்வது ஏறக்குறைய மூன்று யோசனைகள்தான்: மளிகைக் கடை வை, ஆடு வளர், லோரி வாங்கு. மூன்றும் கெட்ட யோசனைகள் அல்ல. ஆனால் எதையும் தொடுவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். இந்த ஊருக்குள் பணம் எங்கிருந்து வருகிறது, எந்த நாளில் வருகிறது, யார் கைக்கு வருகிறது?

சுங்கை ஆயர் தாவாரைப் பொறுத்தவரை பதில் பெரும்பாலும் செம்பனைக் குலைதான். சுங்கை பெசார், செகிஞ்சான் பக்கம் நெல் ஆண்டுக்கு இரண்டு போகம் விளைகிறது. அங்கே பணம் அறுவடையோடு மொத்தமாக வரும். இங்கே பத்து முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை குலை வெட்டி, எடை போட்டு, சிறுதோட்டக்காரர் கையில் காசு வருகிறது. ஊரின் கடை, பட்டறை, சாப்பாட்டுக் கடை எல்லாம் அந்தச் சுற்றை ஒட்டித்தான் மூச்சு விடுகின்றன. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மூன்று யோசனைகளையும் பார்க்கலாம்.

மளிகைக் கடையும் 555 புத்தகமும்

கடை வைத்தால் தினமும் காசு பார்க்கலாம் என்பது பொதுவான நம்பிக்கை. ஊரில் கடை வைத்தவருக்குத் தெரியும், தினமும் பார்ப்பது காசை விட 555 புத்தகத்தைத்தான். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தச் சின்னக் கடன் புத்தகத்தில் நாற்பது குடும்பங்கள், குடும்பத்துக்கு 150 ரிங்கிட் என்று எழுதினால், கடைக்காரரின் 6,000 ரிங்கிட் ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது என்று பொருள். அரிசி, எண்ணெய், சீனி போன்ற சரக்குகளில் கிடைக்கும் லாபம் குறைவு. பேச்சுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு என்றே வைத்துக்கொள்வோம். ஒரு குடும்பம் 150 ரிங்கிட்டைக் கொடுக்காமல் போனால், அந்த இழப்பை மட்டும் சரிக்கட்ட இன்னும் 1,250 ரிங்கிட்டுக்குச் சரக்கு விற்க வேண்டும். உறவுக்காரர், கோயில் தலைவர், உடன் படித்தவர் என்று யாருக்கும் "இல்லை" சொல்ல முடியாத ஊரில் இது சாதாரண ஆபத்து அல்ல. வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்றால் கையில் காசு இருக்கும் என்ற எண்ணமும் ஊருக்கு உண்டு. கடன் கேட்பவர்கள் அவரிடம்தான் முதலில் வருவார்கள்.

அதோடு, 99 ஸ்பீட்மார்ட் போன்ற கிளைக்கடைகள் சிறு நகரங்கள் வரை வந்துவிட்டன. அவர்கள் வாங்கும் விலைக்கு ஒற்றைக் கடைக்காரர் வாங்க முடியாது. ரொக்கம் உள்ளவர் அங்கே போவார், கடன் வேண்டியவர் இங்கே வருவார். சொந்தக் கட்டடம், கண்டிப்பான மனைவி, வேறு வருமானம் ஆகிய மூன்றும் உள்ளவருக்கு மளிகைக் கடை சரிப்படலாம். எழுபதாயிரத்தை மட்டும் நம்பி வருபவருக்கு அல்ல.

ஆட்டுப் பண்ணையைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. தீபாவளி, ஹஜ்ஜுப் பெருநாள், முனியாண்டி கோயில் பூசை என்று கேட்பவர்கள் இருப்பது உண்மை. ஆனால் ஆட்டின் சினைக்காலம் ஐந்து மாதம். குட்டி விற்கும் எடைக்கு வர இன்னும் எட்டு முதல் பன்னிரண்டு மாதம். பெட்டை ஆடு வாங்கிய நாளிலிருந்து முதல் விற்பனை வரை ஒன்றேகால் ஆண்டு காசு உள்ளே வராது, தீவனச் செலவு மட்டும் வெளியே போகும். கடலோரத் தாழ்நிலம் என்பதால் தரையிலிருந்து உயர்த்திய பலகைக் கொட்டகை இல்லாமல் முடியாது. ஈரத்தில் நிற்கும் ஆட்டுக்குச் சளிக்காய்ச்சல் வந்தால் மந்தையே போகும். வேறு வருமானம் உள்ளவருக்கு இது நல்ல இரண்டாவது தொழில்.

வயதான மரங்கள், வயதான உடைமையாளர்கள்

மூன்றாவது யோசனையான லோரிக்குப் போகும் முன், அந்த லோரி எதை ஏற்றப் போகிறது என்று பார்க்க வேண்டும். இந்த வட்டாரத்தின் சிறுதோட்டங்கள் இரண்டு, நான்கு, ஐந்து ஏக்கர் துண்டுகள். உடைமையாளர்களில் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள், அவர்களிலும் ஜாவா வம்சாவளியினர் நிறைய; ஊரில் பெரியவர்களை 'வாக்' என்று அழைப்பார்கள். சீனர்களும் இந்தியர்களும் உண்டு. அவர்களுக்கு வயதாகிவிட்டது. பிள்ளைகள் ஷா ஆலாமிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். மரம் உயர உயர அரிவாள் கட்டிய கம்பும் நீள்கிறது. எழுபது வயதில் அதைத் தூக்க முடியாது. தோட்டம் இருக்கிறது, குலை பழுத்து நிற்கிறது, வெட்ட ஆளில்லை.

இந்த இடத்தில்தான் ஊர் திரும்பியவருக்கு ஒரு தொழில் இருக்கிறது. குலை வெட்டுவது, உதிரிப்பழம் பொறுக்குவது, சாலையோரத்தில் குவிப்பது, மட்டை கழிப்பது, களைக்கொல்லி அடிப்பது என்று தோட்டத்தையே கொந்திராக் எடுத்துப் பார்த்துக்கொள்வது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு இது தெரியாத வேலையல்ல. அதனாலேயே பலர் இதைத் தொழிலாக எண்ணுவதில்லை. அப்பா செய்த வேலையிலிருந்து தப்பிக்கத்தானே வெளியூர் போனோம் என்ற எண்ணம் குறுக்கே நிற்கும். அந்த எண்ணத்தில் நியாயம் உண்டு. ஆனால் அப்பா தோட்டத்தில் நாள்கூலிக்கு வெட்டினார். இங்கே வெட்டுபவர் விலை பேசுகிறவர்.

ஏக்கர் கணக்கு

வருமானம் எவ்வளவு என்பதை ஓர் உதாரணத்தோடு போட்டுப் பார்க்கலாம். கூலி விலைகள் ஊருக்கு ஊர், மரத்தின் உயரத்துக்கு உயரம் மாறும். கீழே உள்ளவை கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. தங்கள் ஊர் விலையைப் போட்டு மறுபடி கணக்குப் பார்க்க வேண்டும்.

மலேசியாவில் செம்பனையின் சராசரி விளைச்சல் அண்மை ஆண்டுகளில் ஹெக்டருக்கு ஆண்டுக்குச் சுமார் 16 டன் குலை. ஏக்கருக்கு ஆறரை டன், மாதத்துக்கு அரை டன்னுக்குச் சற்றே மேல். கணக்குக்கு அரை டன் என்று வைத்துக்கொள்வோம். 100 ஏக்கரைக் கொந்திராக் எடுத்தவருக்கு மாதம் 50 டன். வெட்டி, உதிரியையும் பொறுக்கி, சாலையோரம் குவிக்க டன்னுக்கு 70 ரிங்கிட் என்றால் 3,500 ரிங்கிட். இருவர் சேர்ந்து நாளுக்கு இரண்டரை டன் எடுத்தால் இருபது நாள் வேலை.

உதவிக்கு ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தால், 2025 முதல் நடப்பில் உள்ள குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதோடு முதலாளியின் இபிஎஃப் பங்கு 13 விழுக்காடு, சொக்சோ எல்லாம் சேர்த்தால் 1,950 ரிங்கிட்டை நெருங்கும். பெட்ரோல், அரிவாள், பழுது என்று 300. மிஞ்சுவது 1,250 ரிங்கிட். அதாவது தாமே வைத்த ஆளுக்குக் கிடைப்பதை விட முதலாளிக்குக் குறைவு.

பலர் இந்த இடத்தில்தான் தொழிலைக் கைவிடுகிறார்கள், அல்லது இந்தக் கணக்கைப் போடாமலே இறங்கி ஆறாவது மாதம் கைவிடுகிறார்கள். வெட்டு மட்டும் சோறு போடாது. வெட்டோடு வரும் மற்ற வேலைகள்தான் போடும். அந்த இருவருக்கும் மாதத்தில் இன்னும் ஆறு ஆறு நாள் மிச்சம் இருக்கிறது. களைக்கொல்லி ஆண்டுக்கு மூன்று முறை அடித்தால் 100 ஏக்கருக்கு மாதம் 25 ஏக்கர் வரும். நாளுக்கு நான்கு ஏக்கர் வீதம் ஒருவருக்கு ஆறு நாள். மருந்து உடைமையாளருடையது, கூலி ஏக்கருக்கு 45 என்றால் 1,125 ரிங்கிட். மற்றவர் ஆறு நாளில், நாளுக்கு 50 மரம் வீதம், 300 மரத்துக்கு மட்டை கழித்தால் மரத்துக்கு 3 ரிங்கிட் வீதம் 900. இப்போது மாத மிச்சம் 3,275 ரிங்கிட். சிங்கப்பூர் சம்பளத்தோடு ஒப்பிட்டால் குறைவு. வாடகை இல்லாத சொந்த வீட்டில், பிள்ளையைப் பள்ளிக்கு விட்டுவிட்டு வேலைக்குப் போகும் வாழ்க்கையோடு ஒப்பிட்டால் குறைவு என்று சொல்ல முடியாது.

ஆனால் இந்தத் தொகை எல்லா மாதமும் ஒன்றல்ல. செம்பனை ஆண்டின் தொடக்கத்தில், ஜனவரி முதல் மார்ச் வரை குறைவாகக் காய்க்கும். ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை நிறைய. விளைச்சல் மூன்றில் ஒரு பங்கு போல் குறைந்து 35 டன்னுக்கு இறங்கினால் வெட்டுக் கூலி 2,450 தான். சம்பளமும் செலவும் போக 200 ரிங்கிட் மிஞ்சும். அதனால் அனுபவசாலிகள் மட்டை கழிப்பதை ஆண்டு முழுக்கப் பரப்பாமல் குறைகாலத்துக்குத் தள்ளி வைப்பார்கள். அப்போது வெட்டு நாள்கள் குறைவு, கை சும்மா இருக்கும், மரத்துக்கும் கேடில்லை. ஏக்கருக்கு 55 முதல் 60 மரம் என்பதால் 100 ஏக்கரில் ஐயாயிரத்துக்கும் மேல் மரம் நிற்கிறது. வேலைக்குப் பஞ்சம் வராது.

லோரி ஏன் காத்திருக்கலாம்

எழுபதாயிரம் கையில் இருக்கும்போது முதலில் கண் போவது பழைய லோரியின் மீது. வாங்க வேண்டாம் என்பதற்குக் காரணம் விலை மட்டுமல்ல. பிறர் சரக்கைக் கூலிக்கு ஏற்றும் லோரிக்கு 'ஏ' உரிமம் வேண்டும், சொந்தச் சரக்கை ஏற்றுவதற்கு 'சி' உரிமம். ஓட்டுநருக்கு ஜிடிஎல். குலையை வாங்கி விற்கத் தொடங்கினால் மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் வணிகர் உரிமமும், ரொக்கமாகக் கொடுக்கப் பெரிய கைமுதலும் வேண்டும். ரேம்ப் என்று ஊரில் சொல்லும் கொள்முதல் நிலையங்கள் ஏற்கெனவே லோரி வைத்து, சாலையோரக் குவியலை வந்து அள்ளிக்கொண்டு போகின்றன. அவர்களோடு போட்டி போடாமல், குவியல் வரைக்கும் உள்ள வேலையை மட்டும் எடுத்துக்கொண்டால் முதல் ஆண்டுக்கு லோரியே தேவையில்லை.

தேவைப்படுவது வேறு. உயரம் குறைந்த மரங்களுக்கு உளி, உயர்ந்த மரங்களுக்கு நீட்டக்கூடிய அலுமினியக் கம்பும் அரிவாளும், பதினாறு லிட்டர் மருந்துத் தெளிப்பான் இரண்டு, சாதாரணத் தள்ளுவண்டி ஒன்று, மோட்டார் வைத்த தள்ளுவண்டி ஒன்று. வாரியம் உருவாக்கிய 'கன்தாஸ்' மோட்டார் வெட்டுக் கருவி வேகமானது, ஆனால் உயர்ந்த மரத்துக்கு எட்டாது. தம்மிடம் வரும் தோட்டங்களின் மரம் எவ்வளவு உயரம் என்று தெரிந்த பிறகு வாங்கலாம். எல்லாம் சேர்த்து பதினைந்தாயிரம், பதினெட்டாயிரம் ரிங்கிட்டுக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும். எழுபதாயிரத்தில் வீட்டுச் செலவுக்கு ஆறு மாதப் பணத்தை, 15,000 என்று வைத்தால், தனிக் கணக்கில் போட்டுத் தொடாமல் இருக்க வேண்டும். மூன்று மாதச் சம்பளப் பணம் 6,000 இன்னொரு பக்கம். மீதம் முப்பதாயிரத்துக்கு மேல் வங்கியிலேயே இருக்கும். அது தொழிலுக்குப் போகாமல் சும்மா கிடக்கிறதே என்று வருந்த வேண்டாம். இரண்டாம் ஆண்டில் நிலம் குத்தகைக்கு வரும்போதோ, லோரியின் கணக்கு உண்மையில் சரிப்படும்போதோ அது கையில் இருக்க வேண்டும்.

தோட்டத்தை ஒப்புக்கொள்ளும் முன்

எந்தத் தோட்டம் வந்தாலும் சரி என்று எடுப்பவர் பாதி நாளைப் பாலம் போடுவதில் கழிப்பார். இந்த வட்டாரத்தில் பாரிட் என்னும் வாய்க்கால்கள் தோட்டத்துக்குள் ஓடுகின்றன. ஒற்றைப் பலகைப் பாலத்தில் நிறைந்த தள்ளுவண்டியைத் தள்ளுவது ஒரு வித்தை, மழையில் அது விபத்து. அதனால் முதலில் தோட்டத்தைச் சுற்றி நடக்க வேண்டும். வாய்க்காலைத் தாண்டும் இடங்கள் எத்தனை, குவியல் இடம் வரை தூரம் எவ்வளவு என்று எண்ணியே விலை சொல்ல வேண்டும். தோட்டத்துக்குள் மின்கம்பி போகிறதா என்றும் அண்ணாந்து பார்க்க வேண்டும். அலுமினியக் கம்பு மின்கம்பியில் பட்டால் கையில் பிடித்திருப்பவர் உயிர் தப்புவது அரிது. கம்பிக்குக் கீழே உள்ள மரங்களை வெட்டமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

மரத்தின் வயதும் முக்கியம். இருபத்தைந்து வயதைத் தாண்டிய மரம் உயர்ந்து, காய்ப்பும் குறைந்து, மறுநடவுக்குக் காத்து நிற்கும். உடைமையாளர் ஒருநாள் மரத்தைச் சாய்த்துவிட்டால், புதுக்கன்று காய்க்க மூன்று ஆண்டு போல் ஆகும். அதுவரை அந்த ஏக்கரில் வெட்டு இல்லை. இருபத்தைந்து பேரிடம் சராசரி நான்கு ஏக்கர் எடுத்து 100 சேர்த்தவர், அதில் எத்தனை ஏக்கர் பழைய மரம் என்று எழுதி வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவதாக, உடைமையாளர் ரேம்பிடம் முன்பணம் வாங்கியிருக்கிறாரா என்று விசாரிக்க வேண்டும். பலர் வாங்குவார்கள், தவறும் இல்லை. ஆனால் ஒவ்வொரு எடையிலும் ரேம்ப் தன் கடனைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கொடுக்கும். அந்த மிச்சத்திலிருந்து வெட்டியவருக்குக் கூலி கடைசியில் வரும், சில நேரம் வராது. இப்படிப்பட்ட தோட்டத்தை எடுத்தால், கூலியை ரேம்பே நேரடியாகக் கழித்துத் தர மூவரும் சேர்ந்து பேசிக்கொள்ள வேண்டும். முடியாதென்றால் தோட்டத்தை விட்டுவிடலாம். 555 புத்தகம் மளிகைக் கடையில் மட்டும் இருப்பதல்ல.

எடையும் நம்பிக்கையும்

கூலி டன்னுக்கு என்பதால் எடைச் சீட்டுதான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். சீட்டின் நகல் அதே நாளில் கைக்கு வர வேண்டும் என்று தொடக்கத்திலேயே பேசிக்கொள்வது வழக்கம். அதோடு, வெட்டும்போதே குலைகளை எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு தோட்டத்தில் குலை சராசரியாக 17 கிலோ என்று இரண்டு மூன்று சுற்றில் தெரிந்துவிட்டால், 120 குலைக்கு இரண்டு டன்னுக்குச் சற்றே மேல் வர வேண்டும். சீட்டில் ஒன்றேமுக்கால் டன் என்று வந்தால் ஏதோ சரியில்லை: இரவில் குவியலில் கை வைத்திருக்கலாம், வேறு தோட்டக் குலையோடு கலந்திருக்கலாம், நாள் கடந்து ஏற்றியதில் எடை இறங்கியிருக்கலாம். எண்ணிக்கை இல்லாதவர் மீதுதான் திருட்டுப் பழி விழும். சின்ன ஊரில் அந்தப் பழி ஒருமுறை விழுந்தால் இருபத்தைந்து தோட்டமும் போகும்.

டன்னுக்குக் கூலி என்பதில் இன்னொரு சபலமும் உண்டு. காயாக இருக்கும் குலையையும் சேர்த்து வெட்டினால் இன்றைய எடை கூடும். ஆலையில் தரம் பிரிக்கும்போது அது பழுக்காத குலை என்று தள்ளப்படும் அல்லது விலை குறையும், இழப்பு உடைமையாளருக்கு. பழுத்த குலைக்கு அடையாளம் செம்மஞ்சள் நிறமும், குறைந்தது பத்துப் பழமாவது உதிர்ந்து வெற்றுக் குழி தெரிவதும் ஆகும். மரத்தடியில் உதிரி கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அரிவாளைத் தூக்க வேண்டும். சுற்று பதினைந்து நாளைத் தாண்டினால் உதிரி அளவுக்கு மீறிக் கொட்டும். அதைப் பொறுக்குவது வெட்டுவதை விட நேரம் தின்னும் வேலை. பொறுக்காமல் விட்டால், எண்ணெய் அதிகமுள்ள பழம் மண்ணில் கிடப்பதை உடைமையாளர் ஒருநாள் வந்து பார்ப்பார். வெட்டிய குலையும் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர்வது நல்லது. ரேம்ப் லோரி வரும் நாளைக் கேட்டுக்கொண்டு அதற்கு முந்தைய நாள் வெட்டுவது அதனால்தான்.

குலை விலை விழுந்தால்? கூலி டன்னுக்கு நிலையானது என்பதால் வெட்டுபவருக்கு உடனே அடி விழாது. கச்சா செம்பனை எண்ணெய் 2022 நடுப்பகுதிக்கு முன் டன்னுக்கு 6,000 ரிங்கிட்டைத் தாண்டி நின்றது. 2018 கடைசியில் 2,000க்கும் கீழே இருந்தது. விலை சரிந்த காலத்தில் உடைமையாளர் முதலில் நிறுத்துவது உரம், அடுத்து களைக்கொல்லி, பிறகு மட்டை கழிப்பு. வெட்டை மட்டும் நிறுத்தமாட்டார். அதாவது மேலே போட்ட கணக்கில் 1,125ம் 900மும் போய் 1,250 மட்டும் நிற்கும். தனிக் கணக்கில் கிடக்கும் ஆறு மாதப் பணம் அந்தக் காலத்துக்குத்தான்.

ஆளும் காகிதமும்

உதவிக்கு ஆள் கிடைப்பதுதான் இந்தத் தொழிலின் மிகப் பெரிய தலைவலி. முறையான அனுமதி இல்லாத அந்நியத் தொழிலாளர்கள் குறைந்த கூலிக்கு வர முன்வருவார்கள். ஒருவரை அப்படி வேலைக்கு வைத்துப் பிடிபட்டால் குடிநுழைவுச் சட்டப்படி ஆளுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம். ஒரே சோதனையில் சேமிப்பு முழுவதும் போய்விடும். மைத்துனரோ பங்காளியோ ஒருவரைக் கூட்டாளியாகச் சேர்த்து, டன்னுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வதே பல இடங்களில் நிலைத்து நிற்கிறது. குறைகாலத்தில் சம்பளச் சுமையும் இருக்காது.

பதிவு பெரிய செலவு அல்ல. எஸ்எஸ்எம் என்னும் மலேசிய நிறுவன ஆணையத்தில் சொந்தப் பெயரில் தொழிலைப் பதிய ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் 60 ரிங்கிட். தொழில் தொடங்கி முப்பது நாளுக்குள் பதிய வேண்டும். பதிவுத் தாள் இல்லாமல் தெக்குன் நிறுவனத்தில் இந்தியத் தொழில்முனைவோருக்கான 'ஸ்பூமி' கடனுக்கோ, தொழில் கருவிகள் வழங்கும் சிலாங்கூர் மாநில உதவிக்கோ மனுப் போடுவது கடினம். மோட்டார் தள்ளுவண்டி போன்ற கருவிக்குச் சேமிப்பைத் தொடுவதற்கு முன் அந்தக் கதவைத் தட்டிப் பார்க்கலாம்.

அதை விட முக்கியமானது சொக்சோவின் சுயதொழில் பாதுகாப்புத் திட்டம். சிங்கப்பூரில் காயத்துக்கு முதலாளி பொறுப்பு. இங்கே தாமே முதலாளி. பதினேழு கிலோ குலை இருபது அடியிலிருந்து தோளில் விழுவதும், முள் கண்ணில் குத்துவதும் இந்தத் தொழிலில் அடிக்கடி கேள்விப்படுபவை. களைக்கொல்லியிலும் கவனம் வேண்டும். பழைய ஆட்கள் நம்பி அடித்த பாராகுவாட் 2020 ஜனவரி முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டது. யாராவது பழைய புட்டியை எடுத்து நீட்டினால் வாங்கக் கூடாது.

எப்போது திரும்புவது என்ற கேள்விக்கும் செம்பனையே பதில் சொல்கிறது. வேலையை விடுவதற்கு முன் இரண்டு வார விடுப்பில் வந்து, யாராவது ஒரு வெட்டுக்காரரோடு ஒரு முழுச் சுற்று நடந்து பார்ப்பது முதல் வேலை. தோட்டங்களையும் ரேம்பையும் அப்போதே பார்த்துவிடலாம்; தோள் இன்னும் தாங்குமா என்பதும் தெரிந்துவிடும். பிறகு ஜனவரி, பிப்ரவரியில் வந்து சேர்ந்தால் ஊரில் வெட்டு குறைவு, மட்டை கழிக்கத்தான் ஆள் தேடுவார்கள். பத்து உடைமையாளர்களின் மரத்தைச் சுத்தமாகக் கழித்துக் கொடுத்தவருக்கு அவர்களே வெட்டையும் கொடுப்பார்கள். ஆகஸ்டு நெருக்கத்துக்கு முன் முப்பது, நாற்பது ஏக்கர் கைக்கு வந்திருந்தால் தொழில் ஒழுங்காகப் போகிறது என்று பொருள். அதற்குள் பதினைந்து ஏக்கர்கூடச் சேரவில்லை என்றால், கருவிகளை விற்றுவிட்டு வேறு வேலை தேட ஐம்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவான பணம் இன்னும் வங்கியில் இருக்கும்.